அம்மா கணக்கிலிருந்து வாடகை

திருத்தங்கலில் நான் குடியிருந்த மாடி வீட்டின் வாடகையை யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வீட்டுக்கார அண்ணாச்சி போட்ட சட்டம் அது. வீடு அவருக்கும், விருதுநகரில் பருப்பு வியாபாரம் பார்க்கும் அவருடைய தம்பிக்கும் பொது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கு வைத்திருந்தார்கள். வாடகை நேராக அதில்தான் விழ வேண்டும். "கையில வாங்குனா அவன் என்னையக் கேப்பான், நான் அவனைக் கேப்பேன். பாஸ்புக்குல விழுந்துட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டாம் பாத்துக்கோ" என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டார்.

எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் டிசைன் பண்ணும் வேலை. பட்டாசுப் பெட்டி மேல் சிரிக்கிற குழந்தை, பறக்கிற கிளி, தாமரை என்று எதையாவது ஒட்டி வெட்டிக்கொண்டே இருப்பேன். சம்பளம் அதே வங்கியில் என் கணக்கில் விழும். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் வாடகை அவர்கள் கணக்குக்குப் போய்விடும். என் பெயர் அவர்கள் பாஸ்புக்கில் மாதம் தவறாமல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பெயரை வைத்துத்தான், புருஷன் இல்லாமல் ஒரு சின்னப் பிள்ளையோடு தனியாக இருக்கிற பெண்ணுக்கு அண்ணாச்சி வீட்டை விட்டு வைத்திருந்தார். புருஷனைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. போனவன் போனான், அவ்வளவுதான்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்ததும் அச்சக முதலாளிகளான அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு வந்து மெஷினுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். இன்னொரு அச்சகத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் ஆடி பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட வேண்டும் என்று வைகாசி வாக்கில்தான் அவர்களுக்கு வேலை சூடு பிடிக்கும். அதுவரைக்கும் என்ன பண்ண? போதாத குறைக்கு, வீட்டிலேயே வேலை பார்க்கலாம் என்று கடனில் ஒரு கம்ப்யூட்டர் வேறு வாங்கி வைத்திருந்தேன். என் கணக்கில் ஒரு பைசா விழுந்தாலும் கடன் தவணைக்கென்று வங்கி உருவிக்கொள்ளும். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சில மாதம் ஓட்டினேன். மாசி பிறந்தபோது அதிலும் கொஞ்சம்தான் மீதி.

வீட்டை விட்டால் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என் அம்மா இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே விடிகாலையில் வேன் வரும். பட்டாசு ஆபீஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நானும் அந்த வேனில் ஏற வேண்டியதுதான். என் அப்பா அதில் ஏறிப் போய்த்தான், நான் ஒன்பதாவது படிக்கும்போது, வெடிமருந்து கலக்குகிற அறையில் செத்துப்போனார். அன்றைக்கு அம்மா என் தலையில் கை வைத்து, "நீயும் ஒன் வகுத்துல பொறக்கிறதும் அந்த வேன்ல ஏறக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். நான் படித்ததும், திருத்தங்கலுக்கு வந்ததும், அந்த மாடி வீட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியதும் எல்லாம் அந்த ஒரு பேச்சுக்காகத்தான். அதனால் அந்த வீடு எனக்கு வெறும் வீடு இல்லை. அதை விட்டால் வேன். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. அப்பா போனதும் வந்த நஷ்டஈட்டை அவள் பெயரில் டெபாசிட்டாகப் போட்டு, வட்டியை ஒரு சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தார்கள். அம்மா அதைத் தொடவே மாட்டாள். தீப்பெட்டி ஆபீஸில் வாரக் கூலி வாங்கி அதில்தான் என்னைப் படிக்க வைத்தாள். என் கல்யாணத்துக்குக்கூட வெளியே கைமாற்று வாங்கினாளே தவிர அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று கேட்டால், "கெடக்கட்டும்" என்பாள். துக்கத்தில் சொல்கிறாள் என்று நானும் விட்டுவிட்டேன். அப்படிப்பட்டவள் அந்த மாசி மாதம் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, "ஒனக்கு வேலை கெடைக்கிற வரைக்கும் வாடகை அந்தக் கணக்குல இருந்து போகட்டும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவளோடு அவள் வங்கிக்குப் போனேன். அண்ணாச்சியின் கணக்கும் அதே வங்கியில்தான், சிவகாசிக் கிளையில். அப்போதுதான் கிளைகளைக் கம்ப்யூட்டரில் இணைத்திருந்தார்கள். ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகவே அங்கே போய்விடும். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு. கைநாட்டுக் கணக்கில் பணம் எடுக்க அவளே நேரில் வந்து நிற்க வேண்டும். மாதாமாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வங்கி வாசலில் நிற்க முடியுமா? அதனால்தான் இந்த ஏற்பாடு.

அதிகாரி படிவத்தை நிரப்பிக்கொண்டே, "உங்க வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்று கேட்டார். அம்மா என் இடுப்பில் குத்தினாள். நான் அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவள் தன் வாயால் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீஸிலும், அப்பா செத்த அன்று போலீஸ்காரர் கேட்டபோதும்கூட நான்தான் சொன்னேன். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பார்கள். குறைய இனி ஆயுசே இல்லை என்றான பிறகும் அம்மா அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை.

கைநாட்டு வாங்கிய பிறகு அதிகாரி என்னைப் பார்த்தார். "வீட்டு ஓனர்கிட்டச் சொல்லிட்டீங்களா? இனிமே அவர் பாஸ்புக்குல உங்க பேர் வராது, அம்மா பேர்தான் வரும். இது எந்த வாடகைன்னு அவருக்கு எப்படித் தெரியும்? மொதல்ல சொல்லிருங்க."

நியாயம்தானே. மறுநாள் காலையில் சொல்லப் போனேன்.

அண்ணாச்சி கீழ்வீட்டு முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். ஆனைக்குட்டம் பக்கம் அவருக்கு ஒரு பட்டாசு ஆபீஸ் இருந்தது. பெரிய கம்பெனி இல்லை, நடுத்தரம். முந்தின வருஷம் அதில் ஒரு ஷெட் பற்றி எரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரமாக இருந்ததால் ஆள் சேதம் இல்லை. அதிலிருந்து அவர் காலையில் விளக்கேற்றாமல் ஃபோனைக்கூட எடுக்க மாட்டார்.

"அண்ணாச்சி, இந்த மாசத்துல இருந்து கொஞ்ச நாளைக்கு வாடகை எங்கம்மா கணக்குல இருந்து வரும். குடித்தனம் என் பேருலதான் இருக்கும், வாடகை பாக்கி வந்தா என்னையத்தான் கேக்கணும். காசு மட்டும் அம்மா பேருல ஏறும். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்." ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

அவர் தலையாட்டினார். "நல்லதாப் போச்சு சொன்னது. யாரு காசுன்னு தெரியாம வந்தா தம்பி குதிப்பான். நாளைக்கு எவனாவது வந்து, ஒங்க கணக்குல அட்வான்ஸ் கட்டிருக்கேன், வீட்ட எழுதிக் குடுங்கன்னா நான் பதில் சொல்லணும்ல? சரி, ஒங்கம்மா எங்கன வேலை பாக்காக?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல."

பேனாவை எடுத்தவர் நிறுத்தினார். "தீப்பெட்டி ஆபீஸ்ல வாரக் கூலி கையிலல்ல குடுப்பாக. மாசாமாசம் வாடகை போற அளவுக்கு அவுகளுக்கு ஏது தாயி பேங்குல காசு?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. கூலிக்காரிக்கு வங்கியில் காசு இருக்கக் கூடாதா? சீட்டுப் போட்டேன், சேமித்தேன் என்று எதையாவது சொல்லிவிட்டு மாடியேறியிருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே! "எங்கப்பா பட்டாசு ஆபீஸ்ல செத்ததுக்கு வந்த டெபாசிட்டோட வட்டி அண்ணாச்சி. களவாண்ட காசு இல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறிப்போனது. பேனாவை மூடி மேஜையில் வைத்தார். சாமி படத்தை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகப் பேசினார்.

"தப்பா நெனைக்காத தாயி. அந்தக் காசு என் கணக்குக்கு வரக் கூடாது."

"ஏன் அண்ணாச்சி?"

"நான் ஆபீஸ் நடத்துறவன். நூறு பேரு மருந்துக்குள்ள கை வச்சு வேலை பாக்காக. ஒருத்தரு தீயில போனதுக்கு வந்த காசு அது. அதை வாங்கி நான் என் வரவுல வச்சா..." மேலே சொல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேற எந்தக் காசுன்னாலும் கட்டு, இரு. இல்லேன்னா பங்குனியோட வேற எடம் பாத்துக்கோ. மிச்ச அட்வான்ஸைக் கணக்குப் பண்ணிக் குடுத்துர்றேன்."

மாடியேறினேன். பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போக ரிப்பன் கட்டச் சொல்லி முன்னால் வந்து நின்றது. கட்டக் கட்ட அவிழ்ந்தது. அடச்சீ, நாலு வார்த்தை அடக்கிப் பேசத் தெரியாதா உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. மனுஷன் பயந்து போயிருக்கிறார் என்று தெரிந்தது. ஆனாலும் பொருமிக்கொண்டு வந்தது. என் அப்பா செத்தது இவருக்குத் தீட்டாமே!

மத்தியானம் அண்ணாச்சியின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், துணி காயப் போடுகிற சாக்கில் மாடிக்கு வந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏ புள்ள, இதுக்குப் போயா கண்ணைக் கசக்குற? ஒங்கம்மா காச எடுத்து ஒன் கையில குடுக்கட்டும். நீ சீட்டுல ஒன் பேரை எழுதிக் கட்டு. எங்கன இருந்து வந்துச்சுன்னு யாரு பாக்கா? அவுககிட்டே கெழவி மனசு மாறிட்டா, நகைய அடகு வச்சேன்னு சொல்லிரு" என்றார்.

உயிர் வந்தது எனக்கு. அம்மா மாதம் ஒரு நாள் கூலியை விட்டால் விடட்டும், வீடு தங்குமே. ஓடிப்போய் அம்மாவின் பக்கத்து வீட்டு செல்லுக்குப் போட்டேன். அம்மா வந்து வாங்கினாள். நடந்ததையெல்லாம் சொல்லி, அக்கா சொன்ன வழியையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எம்மா, கேக்குதா?"

"கேக்குது. ஒளிச்சுக் குடுக்க மாட்டேன். நான் நாளைக்கு வாரேன்."

"வந்து என்ன செய்யப் போற? அந்த மனுசங்கிட்ட எதும் பேசித் தொலைச்சிராத. வீடு போயிரும்மா."

வைத்துவிட்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். நல்ல சேலை, தலையைப் படிய வாரிக் கொண்டை போட்டிருந்தாள். மாடிக்கே வரவில்லை. நேராக முன்னறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நான் படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தேன்.

"மொதலாளி, நான் மாடி வீட்டுப் பிள்ளையோட அம்மா" என்றாள்.

அவள் அவரை முதலாளி என்றது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணாச்சி சங்கடப்பட்டு எழுந்தார். "வாங்க, உள்ள வாங்க. சாப்பிட்டீகளா? உக்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்காரவில்லை. அக்கா நிலைக்கதவுக்குப் பின்னால் வந்து நின்று, சொல்லிவிடாதே என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தக் காசு ஆகாதுன்னு சொன்னீகளாம்."

"அது வந்து... ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. தொழில் அப்பிடி. பொழுது விடிஞ்சா பொழுது போனா நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒங்க மேல ஒண்ணும் இல்லம்மா. சாவுக் காசு வேண்டாம்னுதேன்."

'சாவுக் காசு.' நேற்று என்னிடம் அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. அம்மா இப்போது கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தினால் எல்லாம் முடிந்தது. வேன் கண்ணுக்குள் வந்து நின்றது. பின்பக்கம் பிடித்துக்கொண்டு என் பிள்ளை ஏறுவது வரைக்கும் தெரிந்தது.

அம்மா கத்தவில்லை. சந்தைக் கடையில் விலை கேட்கிற குரல்தான்.

"நானும் அப்பிடித்தான் நெனைச்சேன் மொதலாளி. அதனாலதான் இம்புட்டு வருசமாத் தொடல. போன மாசம் இவ வீட்டுக்கு வந்தேன். பேத்தி தூங்குது. இவ மூலையில உக்காந்து வேன் எத்தனை மணிக்கு வரும்னு கேக்கா. அன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. நஷ்டஈடு வாங்கப் போனப்ப லேபர் ஆபீஸ்ல ஒரு அய்யா அப்பவே சொன்னாரு. ஏம்மா, இது அவுக செத்ததுக்குக் குடுக்கிற காசு இல்ல. உசுரோட இருந்து வேலை பாத்திருந்தா எம்புட்டு சம்பாதிச்சிருப்பாகளோ, அதுக்குப் போட்டுக் குடுக்கிற கணக்கு, அவுக வயசையும் சம்பளத்தையும் வச்சுப் போட்டதுன்னு சொன்னாரு. எனக்கு அப்ப மண்டையில ஏறல."

அண்ணாச்சி நின்றுகொண்டே இருந்தார்.

"அப்ப அது அவுக சம்பளம்தான மொதலாளி? மக வேலை இல்லாம கெடக்கா. வாடகை குடுக்கிறது அப்பன் செய்ய வேண்டியது. அவுக குடுக்காக. ஆளு வர முடியல, அதனால நான் வந்து சொல்றேன். மகளுக்கு அப்பன் குடுக்கிறத ஒளிச்சு மறைச்சு வேற பேருல குடுக்க மாட்டேன். வேண்டாம்னா சொல்லுங்க, இன்னைக்கே சாமானைக் கட்டுறோம்."

சாமானைக் கட்டுறோம் என்று இவள் பாட்டுக்குச் சொல்கிறாளே என்ற பதற்றம் ஒரு பக்கம். அப்பா எனக்கு வாடகை தருகிறார் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். ஒன்பதாவதில் நோட்டு வாங்கக் காசு கேட்டபோது, சனிக்கிழமை சம்பளம் போட்டதும் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவர். அந்த வாரம் சனிக்கிழமை அவர் இல்லை.

நிலைக்கதவுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அப்புறம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"உக்காருங்க மொதல்ல" என்றார். "நீங்க நிக்கிறப்ப நான் எப்பிடி உக்காந்து எழுத?"

அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்து ஒரு தாளை இழுத்தார். "தம்பிக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்பணும். இந்தப் பேருல வர்ற காசு மாடி வீட்டு வாடகை, குடித்தனம் இந்தப் பிள்ளை பேருலதான்னு. இல்லேன்னா முழிப்பான்." எழுதிக்கொண்டே வந்தார். அம்மாவின் பெயரைக் கேட்டார், சொன்னாள். பேனா நின்றது. "இந்தப் பேருல நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் இருக்காக. பேங்குல உள்ளது மாதிரியே புருசன் பேரையும் சேத்து எழுதிர்றேன். அவுக பேரு என்ன?"

நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னாள், முழுசாக, இனிஷியலோடு. ஒரு தரம் சொன்னவள், அவர் எழுத ஆரம்பித்ததும் இன்னொரு தரம் நிதானமாகச் சொன்னாள்.

அவர் எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, "சரியா இருக்கா பாருங்க" என்று அவள் முன்னால் வைத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. "எது?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தேன்.

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சரியா இருக்கு" என்றாள்.